4 வயது மகளுக்கு எக்ஸிமா: ஸ்டீராய்டு க்ரீம் "விரல்நுனி அளவு" என்றால் எவ்வளவு? ஒரு வேளையா, இரண்டு வேளையா?

கயல்விழி (மதுரை)

என் மகளுக்கு 4 வயது. இரண்டு முழங்கை மடிப்பு, இரண்டு முழங்காலின் பின்பக்கம், கணுக்கால் இந்த இடங்களில் எக்ஸிமா. என் மாமியார் கரப்பான் என்று சொல்வார். ராத்திரி ஆனால் சொறிந்து சொறிந்து தூக்கமே இல்லை, போர்வையில் ரத்தப் பொட்டு.

முன்பு பார்த்த குழந்தை மருத்துவர் டெசோனைடு க்ரீம் காலை, மாலை இரண்டு வேளை எழுதினார். ஓரளவுக்குத்தான் கேட்டது. இப்போது பார்க்கும் தோல் மருத்துவர் மொமெட்டசோன் 0.1% க்ரீம், ராத்திரி ஒரே ஒரு வேளை, "விரல்நுனி அளவு எடுத்துப் பூசுங்கள், ரெண்டு வாரம் கழித்து வாங்க" என்றார். வீட்டில் ஒரு கல்யாணம் வந்துவிட்டதால் திரும்பப் போக முடியவில்லை. ஐந்து வாரம் ஆகப்போகிறது. பூசிய மறுநாள் கொஞ்சம் அடங்கும், பிறகு பழையபடி வந்துவிடும்.

என் கேள்விகள்: விரல்நுனி என்றால் யாருடைய விரல், என்னுடையதா குழந்தையுடையதா? அந்த ஒரு அளவு எல்லா இடத்துக்கும் சேர்த்தா, ஒவ்வொரு இடத்துக்குமா? நான் இப்போது ஆள்காட்டி விரலின் முதல் கோடு வரைக்கும் ஒரு வரி எடுத்து எல்லா இடத்துக்கும் பகிர்ந்து பூசுகிறேன். முழுசாகக் கேட்காததால், பழைய க்ரீம் மாதிரி இதையும் இரண்டு வேளை போடலாமா?

செல்வி (கோவை)

கயல், குழந்தைக்குக் குழந்தையோட விரல்தான் கணக்கு. சின்ன உடம்பு, சின்ன அளவு. நம் விரலை வைத்து எடுத்தால் மருந்து கூடிவிடும். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், அதனால் பூசினது தெரியாத மாதிரி மெல்லிசாகத் தடவினால் போதும். என் பையனுக்கு நான் குங்குமம் வைக்கிற மாதிரி ஒரு பொட்டு எடுத்துத்தான் தேய்ப்பேன். தடிப்பு இருக்கிற இடத்தில் மட்டும் போடுங்கள், நல்ல தோலில் போடாதீர்கள். இரண்டு வேளை என்று யோசிக்கவே வேண்டாம்.

பழனிச்சாமி (ஈரோடு)

அம்மா, வயதானவன் சொல்கிறேன், கேளுங்கள். எனக்குத் தொடை இடுக்கில் அரிப்பு வந்து, மருந்துக்கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிப் போட்டேன். இரண்டு நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. விட்டதும் வட்டம் வட்டமாகப் பெருகி இடுப்பு வரை ஏறிவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி அடங்கி, மறுபடி பெருகியது. பிறகு பெரிய டாக்டர் பார்த்து, அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று திட்டினார். உங்கள் பாப்பாவுக்கும் பூசினால் அடங்கி, பிறகு வருகிறது என்கிறீர்களே, அதே கதைதான். தேங்காய் எண்ணெய் போடுங்கள், அந்த க்ரீமைத் தூக்கி எறியுங்கள்.

நிலா (லண்டன்)

நான் இங்கே குழந்தைகள் தோல் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். இந்த மூன்று கேள்விகளும் எங்கள் அறைக்கு வருகிற பெற்றோர் ஏறக்குறைய எல்லாரும் கேட்பவைதான்.

முதலில் விரல். பெரியவர்களுடைய விரல்தான், செல்வி. இந்த அளவை 1991ல் கார்டிஃபில் லாங், ஃபின்லே என்ற இருவர் வகுத்தார்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை ட்யூபிலிருந்து ஒரு வரி பிதுக்கினால், ஆண் விரலில் சுமார் அரை கிராம், பெண் விரலில் 0.4 கிராம் வரும். குழந்தை சிறியது என்பதை விரலை மாற்றிக் கணக்கில் கொண்டுவருவதில்லை, எத்தனை வரி என்பதில் கொண்டுவருகிறோம். பெரியவருக்கு ஒரு கை முழுக்க, உள்ளங்கை, விரல் வரைக்கும் பூச நான்கு வரி வேண்டும். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்கு அதே கைக்கு இரண்டு வரி. ஒரு கால் முழுக்கப் பூச, பாதத்தோடு சேர்த்து, பெரியவருக்கு எட்டு, இந்த வயதில் மூன்று. குழந்தையின் விரலால் எடுத்து, அதிலும் குறைத்துப் பூசினால், இரண்டு முறை குறைத்ததாகிவிடும்.

கை, கால் முழுக்க இல்லாமல் திட்டுத் திட்டாக இருந்தால் அந்தப் பட்டியலே வேண்டாம். விரல்களைச் சேர்த்து உங்கள் கையைத் தட்டையாக வையுங்கள். அந்த மாதிரி இரண்டு கை பரப்பளவுக்கு உங்கள் விரலில் ஒரு வரி. உங்கள் கை சிறியதாக இருந்தால் விரலும் குட்டைதான், அதனால் கணக்கு கெடாது. ஆனால் அப்பா விரலில் எடுத்து அம்மா கையால் அளக்காதீர்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும், கயல். இரண்டு வேளை பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ட்யூப் எத்தனை கிராம்? எப்போது திறந்தீர்கள், இப்போது எவ்வளவு மிச்சம்? ட்யூபின் வாய் எவ்வளவு அகலம்?

ரஃபீக் (திருச்சி)

மருந்தாளர் நான். பழனிச்சாமி ஐயாவுக்கு முதலில் ஒரு வார்த்தை. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் படர்தாமரையாக இருக்கும். அது பூஞ்சை. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையை வளர விடும். நீங்கள் சொன்ன கதை நம் ஊரில் ஆயிரக்கணக்கான பேருக்கு நடந்தது. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், அதோடு க்ளோபெட்டசால் மாதிரி மிகக் கடுமையான ஸ்டீராய்டு எல்லாவற்றையும் ஒரே ட்யூபில் கலந்து விற்கிற சரக்கு அது. 2018ல் பல ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் எச்சுக்குள் கொண்டுவந்து, மருந்துச்சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்று ஆக்கினார்கள். இருந்தும் கடைகளில் கிடைக்கிறது, அது எங்கள் தொழிலின் வெட்கக்கேடு. ஆனால் கயலின் மகளுக்குத் தோல் மருத்துவர் நேரில் பார்த்து எழுதியது அந்த வகை இல்லை. கலப்பில்லாத மொமெட்டசோன்.

ஐயா சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். விளிம்பு மட்டும் தடித்து, நடுப்பகுதி ஆறிய மாதிரி வட்டமாக ஏதாவது தென்பட்டால் அங்கே இந்த க்ரீமைப் போடாதீர்கள், காட்டிக் கேளுங்கள். எக்ஸிமா பெரும்பாலும் மடிப்புகளில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், நடுவும் விளிம்பும் ஒன்றுபோல் சொரசொரவென்று இருக்கும்.

நிலா அக்கா ட்யூப் வாயைக் கேட்டது சரியான கேள்வி. அந்த அரை கிராம் கணக்கு 5 மி.மீ. வாய் உள்ள ட்யூபுக்கு. இங்கே 5 கிராம், 10 கிராம் என்று வரும் சின்ன ட்யூப்கள் பலவற்றில் வாய் அதைவிடக் குறுகல். நான் கடையில் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை, மருத்துவர்களும் சொல்வதில்லை.

செந்தில் (ஓசூர்)

ரஃபீக் பாய் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரி ஒரு உருளை. நீளம் மாறாமல் வாய் 5 மி.மீட்டரிலிருந்து 3 மி.மீட்டருக்குக் குறைந்தால், பருமன் குறைவது மூன்றுக்கு ஐந்து இல்லை, ஒன்பதுக்கு இருபத்தைந்து. அதாவது மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம்தான் கூட. அரை கிராம் வர வேண்டிய வரியில் 0.18 கிராம்தான் வரும். பெண் விரலுக்கு 0.4 என்றால் 0.14 கிராம். கண்ணுக்கு வரியின் நீளம்தான் தெரியும், அதனால் "அளந்துதான் எடுத்தேன்" என்று நினைத்துக்கொள்வோம்.

அளக்க ஒரு வழி. க்ரீமைத் தட்டில் பிதுக்கி எடை போட வேண்டாம், வீணாகும். ட்யூபை எடை போடுங்கள், ராத்திரி பூசுங்கள், மறுபடி ட்யூபை எடை போடுங்கள். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தோலில் இருக்கிறது. நகை எடை பார்க்கும் சின்னத் தராசு இருந்தால் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். சமையலறைத் தராசு என்றால் ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

கயல்விழி (மதுரை)

எல்லாருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு அண்ணன் நகைப் பட்டறை வைத்திருக்கிறார், அவர் தராசில் பார்த்துவிட்டு வந்தேன்.

ட்யூப் 10 கிராம். திறந்து ஏறக்குறைய ஐந்து வாரம், பாதிக்குக் கொஞ்சம் கூடவே மிச்சம் இருக்கும் போலத் தெரிகிறது. வாய் ஸ்கேலில் வைத்தால் 3 மி.மீ. ஐந்து வரி எடுத்து மகளுக்குப் பூசிவிட்டு எடை பார்த்தால் ட்யூப் 0.7 கிராம் குறைந்திருந்தது. அப்படியென்றால் ஒரு வரி 0.14தான். செந்தில் சொன்னது அப்படியே வந்துவிட்டது.

கையை வைத்தும் அளந்தேன். ஒரு முழங்கை மடிப்பு என் கையில் பாதி. முழங்காலின் பின்பக்கம் ஒவ்வொன்றும் முக்கால் கை. கணுக்கால் ஒவ்வொன்றும் கால் கை. இனி எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டு வேளை வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

நிலா (லண்டன்)

நல்ல வேலை செய்தீர்கள். கூட்டிப் பார்ப்போம். முழங்கை இரண்டும் சேர்ந்து ஒரு கை, முழங்கால் இரண்டும் ஒன்றரை கை, கணுக்கால் அரை கை. மொத்தம் மூன்று கை. இரண்டு கைக்கு ஒரு வரி என்பதால் ஒன்றரை வரி, உங்கள் விரலில் 0.6 கிராம். இது சரியான வாய் உள்ள ட்யூபில். உங்கள் ட்யூபில் அதே 0.6 கிராமுக்கு நான்கு வரிக்குக் கொஞ்சம் கூட வேண்டும்.

நீங்கள் ஐந்து வாரமாக ஒரு வரியில் மூன்று கை பரப்பை ஒப்பேற்றியிருக்கிறீர்கள். வேண்டியதில் கால் பங்குகூட இல்லை. அது பாதி ட்யூபிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு 0.6 கிராம் போட்டால் 10 கிராம் ட்யூப் பதினாறு, பதினேழு நாளில் தீர்ந்துவிடும். இத்தனை பரப்புக்கு, தினமும் போட்டும் ஐந்து வாரம் பாதி மிச்சம் என்றால் அளவு குறைவு என்றுதான் அர்த்தம்.

அதனால் இரண்டு வேளை இப்போதைக்குத் தேவையில்லை. மொமெட்டசோன் ஒரு நாளைக்கு ஒரு வேளைக்கென்றே எழுதப்படுகிற மருந்து. க்ரீம் தோலின் மேல் அடுக்கில் தேங்கி நின்று, அங்கிருந்து மெதுவாகக் கீழே இறங்கும். ராத்திரி சரியான அளவு போட்டால் மறுநாளும் அது வேலை செய்துகொண்டிருக்கும். பழைய டெசோனைடு இதைவிட மென்மையானது, அதை இரண்டு வேளை எழுதுவது வழக்கம். வேளைக் கணக்கு மருந்தைப் பொறுத்தது, ஒரு ட்யூபில் எழுதியதை இன்னொன்றுக்கு மாற்றக்கூடாது. குறைவான அளவை இரண்டு வேளை போட்டால், இரண்டு வேளையும் குறைவாகத்தான் இருக்கும்.

பூசும் விதம்: வரியைப் புள்ளி புள்ளியாக அந்தத் திட்டு முழுக்க வைத்து, பிறகு மெதுவாகப் பரப்புங்கள். முடி வளரும் திசையில் ஓட்டுங்கள், சூடு பறக்கத் தேய்க்க வேண்டாம். முடித்ததும் தோலில் லேசான பளபளப்பு தெரிய வேண்டும். திட்டின் நடுவில் நின்றுவிடாமல் அதன் விளிம்பு வரை முழுக்கப் போக வேண்டும்.

ஆனால் நாளைக்கே நான்கு வரி ஆரம்பித்துவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் வரச் சொன்ன மருத்துவரிடம் முதலில் போய், ஐந்து வாரம் பூசியதையும், எடை பார்த்ததையும் சொல்லுங்கள். ஒரு நாளும் நேரில் பார்க்காமல் நான் சொல்லும் அளவை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். நீர் கசிந்தாலோ, தேன் நிறத்தில் பொருக்கு கட்டினாலோ சீக்கிரம் காட்டுங்கள். ஒரே அளவாக, குத்தி எடுத்த மாதிரி சின்னப் புண்கள் திடீரென்று வலியோடு, காய்ச்சலோடு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அது ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம்.

செல்வி (கோவை)

சரி, விரல் விஷயத்தில் புரிந்தது. ஆனால் நான்கு மடங்கு ஸ்டீராய்டா? 4 வயசுப் பிள்ளைக்கு? தோல் மெலிந்து, நரம்பு தெரிகிற படத்தையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். மருந்து அட்டையிலேயே "மெல்லியதாகத் தடவவும்" என்று போட்டிருக்கிறதே.

நிலா (லண்டன்)

செல்வி, உங்கள் பயம் பொய்யில்லை. நீங்கள் பார்த்த படங்கள் உண்மை. கடுமையான ஸ்டீராய்டை முகத்திலோ தொடை இடுக்கிலோ, மாதக்கணக்கில் நிறுத்தாமல் போட்டால் அப்படி ஆகும். ஐயாவின் ட்யூப் அந்த வகை. அதனால்தான் மருந்தின் வலிமை, இடம், எத்தனை நாள் என்ற மூன்றையும் மருத்துவர் பார்க்கிறார். விரல் அளவு அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு வருவது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2002ல் நாட்டிங்காமில் குழந்தைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. லேசான முதல் நடுத்தர எக்ஸிமா உள்ள ஒரு கூட்டத்துக்கு வலிமையான பீட்டாமெத்தசோன் மூன்று நாள், பிறகு மருந்து சேர்க்காத வெறும் களிம்பு. இன்னொரு கூட்டத்துக்கு மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன் ஏழு நாளும். பதினெட்டு வாரம் முழுக்கப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே அளவுக்கு வேலை செய்தன. அல்ட்ராசவுண்டில் தோலின் தடிமனையும் பார்த்தார்கள், அதிலும் இரு கூட்டத்துக்கும் வேறுபாடு வரவில்லை. வலிமையானதை அளவாக, குறுகிய நாளுக்குப் போட்டு நிறுத்துவதுதான் இதில் உள்ள விஷயம். போதாத அளவைப் போட்டு ஐந்து வாரம், பத்து வாரம் இழுப்பதில்தான் நாள் கூடுகிறது.

"மெல்லியதாக" என்று அட்டையில் எழுதியதைப் பார்த்து, நம்மைப் போன்றவர்கள் எல்லாரும் பயந்து இன்னும் குறைக்கிறோம். பளபளப்பு தெரிகிற ஒரு படலம், அதுதான் மெல்லியது. தெரியாத அளவுக்குத் தேய்ப்பது மெல்லியது இல்லை.

எப்போது நிறுத்துவது என்பதிலும் நம் தோலுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைத் தோலில் சிவப்பைப் பார்த்து முடிவு செய்வார்கள். நம் தோலில் அது பழுப்பாகவோ, சாம்பலாகவோ, ஊதாவாகவோ தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பும் தடிப்பும் போய் வழவழப்பாகிவிட்டதா, அரிப்பு நின்றுவிட்டதா, அதுதான் கணக்கு. அதற்குப் பிறகும் இங்கே பொதுவாகச் சொல்வது இன்னும் இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்துங்கள் என்று. கறுத்த தடமோ வெளுத்த தடமோ மாதக்கணக்கில் நிற்கும். அது ஆறியதன் அடையாளம், தானாகப் போகும். அந்த நிறத்தைப் போக்குவதற்காக க்ரீமைத் தொடர்ந்து போடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு.

யாழினி (டொராண்டோ)

நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோவில். என்ர மகனுக்கு 14 மாதம். கன்னம் இரண்டும், கழுத்து மடிப்பும். டொக்டர் ஹைட்ரோகார்ட்டிசோன் 1% இரண்டு வேளை எழுதினவர். நீங்கள் சொல்ற மொமெட்டசோன் முகத்துக்கு வேலைக்கு ஆகுமா? அதைப் பூசினா கெதியாச் சுகமாகும் எண்டு நினைச்சன். மற்றது, மாய்ஸ்சரைசரை முதலில் பூசுறதா, ஸ்டீராய்டை முதலில் பூசுறதா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்று சொல்லினம்.

நிலா (லண்டன்)

யாழினி, மற்றப் பிள்ளையின் ட்யூபை உங்கள் பிள்ளையின் கன்னத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். முகத்தில் தோல் மெலிசு, மருந்து கூடுதலாக உள்ளே இறங்கும். கண்ணுக்குக் கிட்டப் போனால் கண் அழுத்தமும் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் டொக்டர் எழுதிய மென்மையானதே சரி. அந்த வயதுக்கு முகம், கழுத்து முழுக்க ஒன்றரை வரி. கன்னம் மட்டும் என்றால் கையை வைத்து அளந்து அதற்கேற்பக் குறையுங்கள்.

முதலில் எது என்பதில் எங்கள் அறையிலேயே ஒற்றுமை இல்லை. இரண்டையும் ஒட்டிப் பூசாமல் இருபது, முப்பது நிமிடம் இடைவெளி விடுங்கள் என்று நான் சொல்கிறேன். ஒன்றன் மேல் ஒன்று பூசினால் ஸ்டீராய்டு கலந்து, வேண்டாத இடத்துக்கும் பரவும். மாய்ஸ்சரைசருக்கு விரல்நுனி கணக்கே கிடையாது. எக்ஸிமா உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 250 கிராம், அதற்கு மேலும் போகலாம், உடம்பு முழுக்க. ஸ்டீராய்டு திட்டில் மட்டும்.

ரஃபீக் (திருச்சி)

மாய்ஸ்சரைசர் 250 கிராம் என்றதும் இங்கே பலருக்குக் கண் விரியும். 50 கிராம் ட்யூப் வாங்கி ஒரு மாதம் ஓட்டுகிறவர்கள்தான் என் கடைக்கு வருகிறார்கள். விலை காரணம். வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி, லிக்விட் பாரஃபின் கலந்த பெரிய டப்பா மலிவாகக் கிடைக்கும். மருத்துவரிடம் அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள், வாசனை சேர்க்காததாகப் பாருங்கள். பழனிச்சாமி ஐயா சொன்ன தேங்காய் எண்ணெயைப் பல குழந்தைகள் தாங்கிக்கொள்ளும், ஈரப்பசைக்கு நல்லதுதான். ஆனால் தடித்த திட்டை அது அடக்காது.

பழனிச்சாமி (ஈரோடு)

ரஃபீக் தம்பி, படர்தாமரைக்கும் இதற்கும் வித்தியாசம் சொன்னது உபயோகம். நான் இன்னும் அந்தக் க்ரீம் பக்கம் போக மாட்டேன், ஆனால் பாப்பாவுக்கு டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள்.

கயல்விழி (மதுரை)

மருத்துவரிடம் போய்வந்தேன். எடைக் கணக்கை எழுதிக் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு, முதலில் தோலைத் தடவிப் பார்த்தார். மெலியவில்லை, தொற்று இல்லை, இது எக்ஸிமாதான் என்றார். ட்யூப் வாய் பற்றிச் சொன்னதும் அவரே ஸ்கேல் எடுத்து அளந்தார். அதே மொமெட்டசோன், ராத்திரி ஒரு வேளை, இந்த ட்யூபில் நான்கு வரி. பத்து நாளுக்கு மேல் போகக்கூடாது, அதற்குள் வழவழப்பானால் இன்னும் இரண்டு நாள் போட்டு நிறுத்தச் சொன்னார். இந்த முறை 30 கிராம் ட்யூப் எழுதினார், அதன் வாய் அகலம். வரிக் கணக்கு அதில் மாறும் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

ஐந்தாம் நாள் ராத்திரி அவள் எழுந்திருக்கவே இல்லை. முழங்கையும் முழங்காலும் ஒரு வாரத்தில் வழவழப்பாகிவிட்டன. கறுப்புத் தடம் இருக்கிறது, விட்டுவிட்டேன். இடது கணுக்கால் மட்டும் இன்னும் கொஞ்சம் சொரசொரப்பு. அங்கே செருப்பு வார் உரசுகிறதா என்று பார்க்கச் சொன்னார்.

மறுபடி வராமல் இருக்க, சனி, ஞாயிறு ராத்திரி மட்டும் வழக்கமாக வரும் இடங்களில் தோல் நன்றாக இருந்தாலும் பூசுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்கிறார். தோல் சரியாக இருக்கும்போது எதற்கு ஸ்டீராய்டு என்று மாமியார் கேட்கிறார். எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது.

செந்தில் (ஓசூர்)

என் பெண்ணுக்கு எங்கள் மருத்துவர் அதை வேண்டாம் என்றார். வந்தால் உடனே போடுங்கள், வராதபோது மாய்ஸ்சரைசர் மட்டும். வருடத்துக்கு மூன்று, நான்கு முறைதான் வருகிறது, அதற்கு ஒவ்வொரு வாரமும் பூசுவது கூடுதல் என்று சொல்லிவிட்டார்.

நிலா (லண்டன்)

செந்தில் வீட்டுக் கணக்கும் சரிதான். வாரத்தில் இரண்டு நாள் முறை அடிக்கடி திரும்பி வருகிறவர்களுக்கு. மாதத்துக்கு இரண்டு, மூன்று முறை என்றால் இங்கே யோசிப்போம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022 கோக்ரேன் தொகுப்பில், இப்படிப் போடாதவர்களில் 100க்கு 58 பேருக்குத் திரும்பி வந்தது, போட்டவர்களில் 25 பேருக்கு. கண்ணுக்கு ஆறிவிட்ட மாதிரி தெரியும் தோலின் உள்ளே அழற்சி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருக்கும், அதைத்தான் இது அடக்குகிறது. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான் ஓடின. வருடக்கணக்கில் தொடர்வதற்கு அவற்றிலிருந்து பதில் எடுக்க முடியாது. அதனால்தான் உங்கள் மருத்துவர் மூன்று மாதம் என்று கோடு போட்டிருக்கிறார், கயல். அந்தப் பார்வையைத் தவறவிடாதீர்கள்.

அந்த இரண்டு நாளுக்கும் அளவு இதேதான், மூன்று கைக்கு 0.6 கிராம். ஆறிவிட்டதே என்று பொட்டாகக் குறைக்க வேண்டாம்.

செல்வி (கோவை)

நான் இன்னும் வாராவாரம் பூசுவதற்கு ஒப்பவில்லை. ஆனால் என் பையனுடைய ட்யூபை எடுத்துப் பார்த்தேன். 10 கிராம், போன தீபாவளிக்கு வாங்கினது, இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. தேதியும் முடிந்துவிட்டது. நாளைக்கு அவனை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். ரஃபீக் அண்ணா, ட்யூப் வாய் 5 மி.மீ. உள்ளதா என்று கடையில் எப்படிக் கேட்பது?

ரஃபீக் (திருச்சி)

அட்டையில் போட்டிருக்காது, செல்வி. மூடியைத் திறக்கவும் கடையில் விட மாட்டார்கள். வாங்கி வந்து வீட்டில் ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள், அப்புறம் முதல் வாரம் ட்யூபை எடை பாருங்கள். புது ட்யூப் மாற்றும்போதெல்லாம் இதை மறுபடி செய்ய வேண்டும், ஒரே மருந்தாக இருந்தாலும் வேறு கம்பெனி என்றால் வாய் மாறிவிடும்.